ஐம்பது கிலோவுக்குக் குறையாமல்: முந்திரி விற்பவர்கள் சந்தையில் வைக்கும் பலகை

(சிதம்பரத்தில் சிறு முந்திரி உற்பத்தியாளர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கமிருந்து வந்திருப்பவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று சொன்னார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் பருப்பு உடைத்தவன் இல்லை, வாங்கியவன். முதலில் தரகுக்கு வாங்கினேன், பிறகு ஓர் இனிப்பு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். வணிகச் சந்தைகளில் நீங்கள் மேசைக்கு உள்ளே நிற்கிறீர்கள். நான் வெளியே நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் பலகை எப்படித் தெரிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரும்பாலான பலகைகளில் என்ன இருக்கிறது? "தரமான பண்ருட்டி முந்திரி. ஏற்றுமதித் தரம். அனைத்து ரகங்களும் மொத்த விலையில் கிடைக்கும்." கீழே ஒரு செல்பேசி எண், ஒரு பிள்ளையார் படம். இதைப் படித்துவிட்டு வாங்குகிறவனால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. எந்த ரகம், எவ்வளவு கொடுப்பார்கள், எத்தனை கிலோவுக்குக் கீழே கொடுக்கமாட்டார்கள், எதில் கட்டித் தருவார்கள், எத்தனை நாளில் வரும் என்று எதுவும் இல்லை. ஆகவே அவன் கேட்கிற முதல் கேள்வி, "கிலோ என்ன ரேட்டு?" நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறான். அங்கேயும் அதே கேள்வி. சாயங்காலத்துக்குள் அவன் கையில் இருபது விலை இருக்கும், ஒன்றுகூட அவனுக்கு உதவாது. டபிள்யூ 240-இன் விலையை ஒருவர் சொல்லியிருப்பார், டபிள்யூ 320-இன் விலையை இன்னொருவர், கலந்து கட்டியதற்கு மூன்றாமவர்.

இங்கே பலருக்கு ரகக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் தெரிகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. டபிள்யூ என்பது வெள்ளை முழுப் பருப்பு. பின்னால் வரும் எண், ஒரு பவுண்டில் எத்தனை பருப்பு நிற்கும் என்பது. ஒரு பவுண்டு என்பது 453.6 கிராம். டபிள்யூ 320 என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும், விலை இறங்கும். முழுசுக்கு அப்புறம் நீளவாக்கில் பிளந்த பாதி, பிறகு பெரிய துண்டு, சின்னத் துண்டு, கடைசியில் குருணை.

சந்தையில் யாரும் பவுண்டு தராசு வைத்துக்கொண்டு நிற்பதில்லை. நான் 100 கிராம் நிறுத்து எண்ணுவேன். டபிள்யூ 320 ஆக இருந்தால் 66-இலிருந்து 71-க்குள் நிற்கவேண்டும். டபிள்யூ 240 என்றால் 48-லிருந்து 53. "320 சார்" என்று காட்டிய தட்டில் 100 கிராமுக்கு 78 எண்ணியிருக்கிறேன். அது 320-உடன் 450-ஐக் கலந்த சரக்கு. விற்றவருக்கே அது தெரியாது என்பதுதான் வேடிக்கை, சலித்துக் கொடுத்த அம்மா சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்திருந்தார். ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசை நீங்களே மேசைமேல் வைத்து, அதன் தட்டில் 100 கிராம் பருப்பைக் கொட்டி, பக்கத்தில் "100 கிராம் – 69 பருப்பு" என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். ஏற்றுமதித் தரம் என்று நூறு தடவை எழுதுவதைவிட அந்த அட்டை எனக்கு அதிகம் சொல்லும். எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இனி இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்த வரி. குறைந்தபட்ச ஆர்டர். ஆங்கில எழுத்துகளில் எம்.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பலர் இந்த வரியை எழுதவே பயப்படுகிறார்கள். எழுதினால் வருகிறவன் போய்விடுவானோ என்று. எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுகிறார்கள். துபாயில் வருடந்தோறும் நடக்கும் கல்ஃபுட் சந்தையிலோ, டெல்லி பிரகதி மைதானத்தில் நடக்கும் ஆஹாரிலோ பெரிய ஏற்றுமதியாளர்கள் "ஒரு கொள்கலன்" என்று போட்டிருப்பார்கள். நம் ஊர் ஆளும் வந்து அதையே போடுகிறார். அதன் கணக்கைப் பார்ப்போமா?

ஏற்றுமதிக்குக் கட்டும் பெட்டி ஒன்றில் 22.68 கிலோ இருக்கும். 11.34 கிலோ டின் இரண்டு, அதாவது ஐம்பது பவுண்டு. இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் வழக்கமாக 700 பெட்டி ஏற்றுவார்கள். பெருக்கினால் 15,876 கிலோ. இப்போது ஒரு சிறு உடைப்பகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைக்கும் எண்கள்தான் இவை, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரு டன் கொட்டை, 80 கிலோ மூட்டையில் பன்னிரண்டரை மூட்டை. கால்பங்கு பருப்பு தேறினால் 250 கிலோ. அதில் டபிள்யூ 240 இருபது கிலோ, டபிள்யூ 320 எழுபத்தைந்து, டபிள்யூ 450 முப்பத்தைந்து, கருகின நிறத்தில் முப்பது, பாதியும் துண்டுமாகத் தொண்ணூறு. ஆக 250.

இந்த ஆள் "டபிள்யூ 320, குறைந்தபட்சம் ஒரு கொள்கலன்" என்று பலகை வைத்தால், ஒரே ஆர்டரை நிறைக்க 15,876-ஐ எழுபத்தைந்தால் வகுக்கவேண்டும். 212 வேலை நாள். அதுவரை மற்ற வாடிக்கைக்காரர்களுக்கு 320-இல் ஒரு கிலோகூடக் கிடையாது. முதல் மாதம் கட்டிய டின்னும் எட்டாவது மாதம் கட்டிய டின்னும் ஒரே நிறத்தில் இருக்காது. வாங்குகிறவன் பெட்டியைப் பிரித்ததும் கேட்பான். அகலக்கால் வைப்பது என்றால் இதுதான். அந்தப் பலகையைப் பார்த்த அனுபவமுள்ள வியாபாரி உங்கள் உடைப்பகத்தின் அளவைப் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

சரி, அந்த ஆள் எவ்வளவு எழுதலாம்? இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிக்கொண்டு வரவேண்டும்.

கீழ்ப்பக்கத்தை முதலில் பார்ப்போம். ஒரு ஆர்டர் பத்து கிலோவாக இருந்தாலும் நூறு கிலோவாக இருந்தாலும் சில செலவுகள் மாறுவதில்லை. பில் போடுவது, எடுத்துக் கட்டுவது, பார்சல் ஆபீஸுக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, "வந்துச்சா, எப்ப வரும்" என்ற போன்கள், பணத்துக்கு இரண்டு முறை நினைவூட்டுவது. இதையெல்லாம் கூட்டி 400 ரூபாய் என்று வைப்போம். முழுப் பருப்பில் கிலோவுக்கு உங்கள் கையில் நிற்பது 25 ரூபாய் என்று வைப்போம். பதினாறு கிலோவில் இரண்டும் சமம். பத்து கிலோ விற்றால் 150 ரூபாய் கைநட்டம். இருபது கிலோவில் நூறு ரூபாய் நிற்கும், அது ஒரு டின் நசுங்கினால் போய்விடும். ஐம்பது கிலோவில் 850 ரூபாய். ஆக இருபதுக்குக் கீழே போகக்கூடாது, ஐம்பது வசதியானது என்று தெரிகிறது.

மேல்பக்கம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, டபிள்யூ 320 மொத்தம் 450 கிலோ. கடலூர் முதுநகர், பாண்டிச்சேரி, சிதம்பரம் என்று பழைய வாடிக்கைக்குப் போவது 300 கிலோ என்றால் வாரத்துக்கு மீதி 150. குறைந்தபட்சம் 50 என்று எழுதினால் ஒரு வாரத்தில் மூன்று புது ஆட்களுக்குக் கொடுக்க முடியும். 200 என்று எழுதினால் ஒருவருக்குக்கூட அந்த வாரத்தில் கொடுக்க முடியாது. சந்தையிலிருந்து திரும்பும்போது நாலு ஆர்டர் கையில் இருந்தால் நாலும் தாமதம்.

எனவே அந்த உடைப்பகத்துக்கு டபிள்யூ 320-இல் ஐம்பது கிலோ. பத்து கிலோ டின்னில் ஐந்து டின். டின் கணக்கில் முழு எண்ணாக வருவதும் முக்கியம், 45 என்று எழுதினால் ஒரு டின்னைப் பாதியில் உடைக்கவேண்டிவரும்.

அதே 50-ஐ டபிள்யூ 240-க்கும் எழுதிவிடாதீர்கள். தினம் இருபது கிலோதான் தேறுகிறது. அது பண்டிகைக்குப் பரிசுப் பெட்டி போடுகிறவர்கள் தேடும் ரகம், இருபது கிலோ கேட்டாலும் கொடுக்கலாம். விலையில் அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டுக்குத் தலைகீழ். அதில் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்தான் நிற்கிறது என்றால், 400 ரூபாய் செலவை ஈடுகட்டவே 33 கிலோ விற்கவேண்டும். அதை வாங்குகிறவனும் அல்வா, முந்திரி கேக், பிஸ்கட் போடுகிற ஆள். அவனுக்கு நூறு கிலோ ஒரு பெரிய அளவே அல்ல. ஆகவே துண்டுக்கு நூறு. துண்டு உங்கள் குடோனில் தேங்குவது இன்னொரு தொல்லை. உடைந்த முகம் அதிகம் என்பதால் முழுசைவிடச் சீக்கிரம் சிக்கு வாசனை பிடிக்கும். அதனால்தான் விவரமான சில உடைப்பகத்தார் 240 கேட்டு வருகிறவரிடம், "துண்டும் முப்பது கிலோ எடுத்துக்கொண்டால் தருகிறோம்" என்று பேசுகிறார்கள். அதையும் பலகையில் எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கொள்முதல்காரர்கள் அதை ஏற்பார்கள். மேசையில் சொல்லாமல் பில் போடும்போது சொன்னால்தான் கோபம் வரும்.

ஒரே நிறுவனம், மூன்று ரகம், மூன்று வேறு குறைந்தபட்ச அளவு. இப்படி எழுதியிருக்கிற பலகையைப் பார்த்தால் எனக்கு உடனே ஒன்று புரியும். இவர் கையில் ரகவாரிக் கணக்கு இருக்கிறது, உண்மையிலேயே உடைக்கிறவர். வாங்கி விற்கிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருப்பார்.

"உங்கள் பெயரில் பை போட்டுத் தருகிறோம்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்கவேண்டும். அங்கே குறைந்தபட்சத்தை முடிவு செய்கிறவர் நீங்கள் இல்லை, பை அச்சடிக்கிறவர். வண்ணத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்கி உருளையில் அச்சடிக்கும் வேலை அது. அவர் "நூறு கிலோ ஃபிலிமுக்குக் குறைந்து ஓட்டமாட்டேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ பை ஒன்று எட்டு கிராம் எடை என்றால், நூறு கிலோ ஃபிலிமில் 12,500 பை. அதை நிறைக்க 3,125 கிலோ பருப்பு வேண்டும். உங்கள் பலகையில் 500 கிலோ என்று எழுதிவிட்டு ஆர்டர் பிடித்தால் மீதி 10,500 பை, இன்னொருவர் பெயர் அச்சடித்தது, உங்கள் பரண்மேல் கிடக்கும். அவர் இரண்டாவது ஆர்டர் தராவிட்டால் குப்பைதான். இதற்கு வழி இருக்கிறது. வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவதற்கு ஒரு அளவு, இருநூறு கிலோ என்று வையுங்கள். அச்சடித்த பைக்கு மூவாயிரத்துச் சொச்சம். சிலிண்டர் செலவு வாங்குபவருடையது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.

பண்ருட்டி என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. உடனே எல்லாப் பலகையிலும் அந்தச் சின்னம் ஏறிவிட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற பயனாளராக இருப்பவர்தான் குறியீட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஊரில் குடோன் இருப்பது மட்டும் போதாது, சரக்கும் அந்த வரையறைக்குள் வரவேண்டும். இங்கே உடைக்கும் கொட்டையில் எவ்வளவு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது இந்த மாவட்டத்தில் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மரம் விழுந்தாலும் உடைக்கும் கைகள் இருந்தன, கொட்டை வெளியிலிருந்து வந்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் ஐவரி கோஸ்ட் கொட்டையை உடைத்து "பண்ருட்டி முந்திரி" என்று எழுதுவது வேறு. "பண்ருட்டியில் உடைத்துத் தரம் பிரித்தது" என்று எழுதுங்கள், அது உண்மை, அதற்கும் மதிப்பு உண்டு. நாட்டுக்கொட்டையை மட்டும் தனியாக உடைக்கிறீர்களா, அதைத் தனி வரியாகப் போடுங்கள். தனி அளவும் தனி விலையும் போடலாம். பங்குனி, சித்திரையில் அறுவடை, அதன் கையிருப்பு எதுவரை நிற்கும் என்றும் சொல்லலாம்.

"நேரடி உற்பத்தியாளர்" என்ற சொல்லையும் நாங்கள் சோதிப்போம். உணவுப் பாதுகாப்பு எண் பதினான்கு இலக்கம். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு அளவுக்கான பதிவு. "மாதம் பத்து டன் உற்பத்தி" என்று பெரிய எழுத்திலும், கீழே மூலையில் 2-இல் தொடங்கும் எண்ணும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய். அதைக் கவனிக்கிற ஆள் உங்களிடம் எதுவும் சொல்லமாட்டார், போய்விடுவார்.

இப்போது மாதிரிக்கு ஒரு பலகை எழுதிக் காட்டுகிறேன். நாம் கணக்குப் போட்ட அதே உடைப்பகம்தான்.

முந்திரிப் பருப்பு – நாங்களே உடைக்கிறோம், பண்ருட்டி வட்டம்.
டபிள்யூ 240: குறைந்தது 20 கிலோ. டபிள்யூ 320: குறைந்தது 50 கிலோ. பாதி, பெரிய துண்டு: குறைந்தது 100 கிலோ.
10 கிலோ டின். ஈரப்பதம் 5 சதத்துக்குள்.
உங்கள் பெயரில்: ஸ்டிக்கர் 200 கிலோவிலிருந்து, அச்சிட்ட பை 3,125 கிலோவிலிருந்து, சிலிண்டர் செலவு வாங்குபவருடையது.
முன்பணம் வந்த ஏழாம் நாள் குடோனிலிருந்து கிளம்பும். லாரி வாடகை வாங்குபவருடையது.
விவரத் தாள் வேண்டுவோர் ரகம், மாதத் தேவை, ஊர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

அடியில் உங்கள் போன் எண். இவ்வளவுதான். விலை இல்லை, கவனித்தீர்களா? விலை மாறும், பலகை மாறாது. சந்தையில் என்னைப்போன்றவர்கள் குறிப்பெடுப்பதில்லை, பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் முதலாளிக்குப் போகும், அவர் இன்னொருவருக்குத் தள்ளுவார். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் பழைய விலையைக் காட்டி உங்களிடம் சண்டைக்கு வருவார். அதே காரணத்துக்காக ஊர், போன் எண், ரகம், அளவு எல்லாம் ஒரே சட்டத்துக்குள், ஒரே போட்டோவில் விழும்படி எழுதுங்கள். எண் ஒரு பலகையில், ரகம் இன்னொரு பலகையில் என்றால், பாதிதான் முதலாளி கைக்குப் போய்ச் சேரும். நீங்கள் அனுப்பும் பருப்புப் படத்துக்கும் இதுவே. படத்துக்குக் கீழே தட்டச்சு செய்த வாசகம் அடுத்த கை மாறும்போது உதிர்ந்துவிடும், படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

கடைசி வரிக்கு வருவோம். விவரத் தாள், நீங்கள் கேட்லாக் என்று சொல்வது. அதைக் குவியலாக மேசைமேல் வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது சந்தைகளில் பழக்கம். மாலையில் வாசலில் இருக்கும் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், முக்கால்வாசி அங்கே இருக்கும். எடுத்துப்போனவர்களில் போட்டிக்காரர்கள் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, பளபளப்பான தாள் என்று எடுத்தவர்கள் உண்டு. யார் வாங்க வந்தவர் என்று உங்களுக்குத் தெரியாமலே போகிறது.

கேட்டால்தான் தரவேண்டும், கேட்பவர் மூன்று விஷயம் எழுதவேண்டும். ரகம், மாதத்துக்கு எத்தனை கிலோ, எந்த ஊருக்கு. மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள், ஜி.எஸ்.டி. எண் வரை பன்னிரண்டு கட்டம் போட்ட தாளை நீட்டினால் உண்மையான ஆளும் ஓடிவிடுவான். இந்த மூன்று பதிலே போதும். "எல்லா ரகமும், எவ்வளவு வேண்டுமானாலும்" என்று எழுதுகிறவர் வாங்கமாட்டார், வைத்துக்கொள்ளுங்கள். "பெரிய துண்டு, மாதம் 300 கிலோ, விழுப்புரம்" என்று எழுதுகிறவர் ஏற்கெனவே யாரிடமோ வாங்கிக்கொண்டிருக்கிறார், அந்த ஆளோடு ஏதோ மனக்குறை. அவருக்கு அன்று இரவே அனுப்புங்கள். ஊர் எழுதியிருப்பதால் லாரி வாடகையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், அடுத்த இரண்டு போன் மிச்சம்.

தாள் இரண்டாக இருக்கட்டும். ஒன்று, வருடம் முழுவதும் செல்லுபடியாகும் விவரத் தாள், ஒரே பக்கம். அதில் ரகம், 100 கிராமுக்கு எத்தனை பருப்பு, உடைசல் எத்தனை சதம் வரை இருக்கலாம், கட்டும் முறை, குறைந்தபட்ச அளவு. இரண்டாவது, தேதியிட்ட விலைத் தாள். "இந்த விலை ஏழு நாள் வரை" என்று அடியில் போடுங்கள். குடோன் விலையா, ஊர் சேர்த்த விலையா என்பதையும், வரி தனியா சேர்த்தா என்பதையும் எழுதாமல் அனுப்பிய விலைத் தாளால் கெட்ட உறவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாளோடு மாதிரிப் பருப்பும் கேட்பார்கள். இந்தக் கடற்கரைக்கு மாதிரி பார்த்து வாங்குவது புதிதல்ல. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-இல் மராத்தியர்களிடமிருந்து வாங்கியது வியாபாரத்துக்கு, அதில் முக்கியமானது துணி. லண்டனிலிருந்து பட்டியல் வரும். எந்த ரகத் துணி, எத்தனை உருப்படி, என்ன நீளம், என்ன அகலம் என்று. மாதிரித் துணியை வைத்து வந்த துணியை ஒப்பிட்டு, ஒவ்வாததைக் கழித்துவிடுவார்கள். கழித்த துணியின் நட்டம் நெய்தவன் தலையிலும் இடைவியாபாரி தலையிலும். முந்நூறு வருடம் கழித்து நாங்களும் அதையேதான் செய்கிறோம், பருப்பை வைத்து.

அதனால் மாதிரிக்கென்று கையால் பொறுக்கி, ஒரே அளவாக, பளிச்சென்று இருப்பதை அனுப்பாதீர்கள். நான் மாதிரிப் பொட்டலத்தை மூடி அலமாரியில் வைத்திருப்பேன். சரக்கு வந்ததும் ஒரு டின்னைத் திறந்து பக்கத்தில் கொட்டுவேன். மாதிரியில் நூற்றுக்கு ஒரு உடைசல், டின்னில் நாலு என்றால், நாலு என்பது வழக்கமான ஐந்து சதத்துக்குள் அடங்கினாலும், எனக்கு அது ஏமாற்று. மாதிரியிலேயே நாலு இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். விற்கப்போகும் அதே குவியலின் நடுவிலிருந்து ஒரு கால் கிலோ அள்ளுங்கள். இரண்டாகப் பிரித்து இரண்டு பொட்டலத்திலும் குவியல் எண், தேதி எழுதி ஒட்டி, ஒன்றை அனுப்பி ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பாதிதான் சாட்சி.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சிறு, குறு உற்பத்தியாளர்கள் உத்யம் பதிவை எடுத்திருந்தால் அந்த எண்ணை விலைத் தாளிலும் பில்லிலும் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களிடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். அந்தக் கெடுவில் தராத தொகையை, பணத்தைக் கொடுத்த வருடத்தில்தான் அவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் எங்கள் கணக்குப் பிரிவு உங்கள் பில்லைத் தனியாக எடுத்து வைக்கும். சட்டத்தைக் காட்டி மிரட்டவேண்டியதில்லை, எண் இருந்தாலே போதும்.

கேள்விகளுக்கு வருகிறேன். பின்வரிசையிலிருந்து அம்மா ஒருவர் கேட்டது: "ஐம்பது கிலோ என்று பலகை வைத்திருக்கிறோம். ஒருத்தர் வந்து, முதல் தடவை பத்து கிலோ மட்டும் கொடுங்கள், பிடித்திருந்தால் மாதாமாதம் வாங்குகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுங்கள் அம்மா. அதற்கு வேறு விலை, வேறு பெயர். "சோதனை ஆர்டர், பத்து கிலோ, ஒரு டின், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு முறை." அந்த 400 ரூபாய் செலவை மேலே வைத்து விலை சொல்லுங்கள், அடுத்த ஐம்பது கிலோ ஆர்டரில் அதைக் கழித்துத் தருவதாகவும் பில்லில் எழுதுங்கள். உண்மையில் மாதாமாதம் வாங்கப்போகிறவர் அந்த 400-ஐப் பார்க்கமாட்டார். இரண்டாவது முறையும் பத்து கிலோவே கேட்டு வந்தால், பக்கத்தில் சில்லறைக்கு விற்கும் கடை எது என்று வழி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, காடாம்புலியூர்க்காரர் கேட்டது: "வெளிநாட்டு ஆள் ஒரு கொள்கலன் கேட்டால் விட்டுவிடுவதா?" விடவேண்டாம். நாலைந்து உடைப்பகங்கள் சேர்ந்து, ஒரே ரகத்துக்குப் பதில் 240, 320, பாதி, துண்டு எல்லாம் கலந்த கொள்கலனாகப் பேசிப்பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சேருவதற்கு முன்னால் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் பருப்பை இன்னொருவர் 100 கிராம் நிறுத்து எண்ணிவிடுங்கள். ஒருவருடைய 320 இன்னொருவருக்கு 450 ஆக இருப்பது அங்கே தெரியட்டும், ஹாம்பர்க்கில் தெரிய வேண்டாம்.